லாட்ஜ் லிமிட் 1,000, பில்லு 850: மீதி யாருக்கு?

கேள்வி: "வேலூர்ல ஒரு பிஸ்கட் கம்பெனில ஃபீல்டு சேல்ஸ்ல சேந்து ரெண்டு மாசம் ஆவுது. டிராவல் பாலிசி இங்கிலீஷ்ல 9 பக்கம், பாதி புரியல. பேட்டாவுக்கு சாப்பாட்டு பில் வெக்கணுமா? லாட்ஜ் லிமிட் 1,000, நான் 850க்கு தங்குனா மீதி 150 நமக்கா? பில்லே குடுக்காத எடத்துல இன்னா பண்றது? போன மாசம் கிளைம்ல நெறைய வெட்டிட்டாங்கண்ணா."

தம்பி, அந்த 150 உங்களுது இல்ல. ஆனா பேட்டால மிச்சம் புடிச்சா அது உங்களுது, அதுக்கு பெரும்பாலான கம்பெனில சாப்பாட்டு பில்லும் வேணாம். ஒண்ணுக்கு ஒரு ரூல், இன்னொண்ணுக்கு வேற ரூல் ஏன்னு புரிஞ்சிட்டா அந்த 9 பக்கத்துல முக்காவாசி தானா புரிஞ்சிடும்.

நான் 11 வருஷம் இதே ஏரியால, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், ஆரணின்னு பைக்ல பைய மாட்டிக்கினு சுத்தினவன். அப்பால 7 வருஷமா பசங்க போடற கிளைம் ஷீட்ட செக் பண்ற சீட்ல ஒக்காந்திருக்கேன். வெட்டு வாங்கினதும் நான்தான், வெட்டறதும் நான்தான். கீழ வர்ற ரேட்டுங்க கணக்கு புரியறதுக்காக நான் எடுத்துக்கற நம்பருங்க, உங்க கம்பெனி ஷீட்ல வேற மாதிரி இருக்கும், அத பாத்து மாத்திக்குங்க.

மொதல்ல ஒரு பேர் குழப்பத்த தீத்துடலாம். ட்ராவல் அலவன்ஸும் டிஏ, டெய்லி அலவன்ஸும் டிஏ, தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணாதான் நிக்கும். இது பத்தாதுன்னு சொந்தத்துல கவர்மென்ட் வேலைல யாராச்சும் மாமா இருந்தா "உனக்கு டிஏ எத்தினி பர்சென்ட்டுடா"ன்னு கேப்பாரு, அவரு கேக்கறது அகவிலைப்படி, சம்பளத்தோட ஒட்டினு வர்றது. நம்ம டெய்லி அலவன்ஸ் சம்பளம் இல்ல, நீங்க ரூட்ல போன நாளுக்கு மட்டும் வர்ற சாப்பாட்டு காசு, லீவு போட்டா வராது. அதனால இங்க அத பேட்டான்னே சொல்றேன், வண்டிக் காச பயணப்படின்னு சொல்றேன்.

கம்பெனி குடுக்கற பணம் ரெண்டு விதம். ஒண்ணு பிளாட், இன்னொண்ணு ஆக்சுவல். பேட்டா பிளாட். நீங்க 90 ரூபாய்க்கு சாப்ட்டாலும் சரி, 350க்கு பிரியாணி சாப்ட்டாலும் சரி, குறிச்ச தொகை வரும், கேள்வி கெடையாது. ஏன் அப்படி வெச்சாங்கன்னா, ஒரு ஆளு ஒரு நாளைக்கு டிபன் பில்லு, மதியம் பில்லு, டீ பில்லுன்னு நாலு துண்டு சீட்டு வெச்சா, மாசம் 25 நாளைக்கு நூறு சீட்டு, அத படிச்சி டிக் பண்ற ஆளுக்கு சம்பளமே அந்த டீ காச விட ஜாஸ்தி. அதனால ஒரு தொகைய கட்டி விட்டுட்டாங்க. லாட்ஜ் அப்படி இல்ல, அது ஆக்சுவல், நீங்க இன்னா குடுத்தீங்களோ அதத்தான் திருப்பி குடுப்பாங்க, அதுவும் ஒரு எல்லை வரைக்கும். லிமிட் 1,000னு போட்டிருந்தா "1,000 வரைக்கும் தாங்கிக்கறோம்"னு அர்த்தம், "1,000 குடுப்போம்"னு அர்த்தம் இல்ல. அதே மாதிரி அது ஒவ்வொரு ராத்திரிக்கும் தனித்தனி. இன்னிக்கி 850, நாளைக்கி 1,150, மொத்தம் 2,000 தானேன்னு சொன்னா செல்லாது, நாளைக்கி கணக்குல 150 போயிடும். இன்னிக்கி மிச்சமானது இன்னிக்கோட சரி.

பயணப்படி இந்த ரெண்டுக்கும் நடுவுல. கிலோமீட்டர் ரேட்டு பிளாட், தூரமும் கம்பெனி சார்ட்ல ஊருக்கு ஊரு எழுதி வெச்சிருப்பாங்க. சில எடத்துல ஸ்டாண்டர்டு ஃபேர் சார்ட்னு சொல்வாங்க. உங்க வண்டி மீட்டர் இன்னா காட்டுச்சுன்றது அங்க செல்லாது, சார்ட்ல இருக்கறதுதான். இது தெரியாம மாட்டிக்கறவங்கதான் ஜாஸ்தி.

பேட்டா எத்தினின்றது அந்த நாளு எந்த ஜாதின்றத பொறுத்தது. மூணு ஜாதி. ஹெட்குவார்ட்டர்ஸ் நாள், அதாவது உங்க ஊரு வேலூர்லயே, காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம்னு சுத்தறது. எக்ஸ் நாள், வெளியூரு போயிட்டு அன்னிக்கே வீட்டுக்கு வந்துடறது, குடியாத்தம், ஆற்காடு, ஆரணி மாதிரி. அவுட்ஸ்டேஷன், வெளியூர்ல ராத்திரி தங்கறது. தூரத்த வெச்சு இல்ல, ராத்திரி எங்க படுத்தீங்கன்றத வெச்சுதான் எக்ஸா அவுட்ஸ்டேஷனான்னு முடிவு ஆவும். திருப்பத்தூரு வரைக்கும் போயிட்டு ராத்திரி 11 மணிக்கு வேலூரு வந்து சேந்தாலும் அது எக்ஸ்தான், இடுப்பு ஒடிஞ்சிருந்தாலும் எக்ஸ்தான். எனக்கும் இது நியாயமா படல, ஆனா ரூல் அப்படித்தான் எழுதியிருக்கும்.

ஒரு பையனோட ஷீட்டு போன வருஷம் என் டேபிளுக்கு வந்துச்சு. சேந்து ரெண்டாவது மாசம், உங்கள மாதிரிதான். நாலு நாள் கணக்க மட்டும் எடுத்து சொல்றேன், இதுல இருக்கற தப்பெல்லாம் எல்லாரும் பண்றதுதான். எடுத்துக்கற ரேட்டு: ஹெட்குவார்ட்டர்ஸ் நாளுக்கு 200, இதுல லோக்கல் பெட்ரோலும் அடக்கம். எக்ஸுக்கு 275, அவுட்ஸ்டேஷனுக்கு 400, பைக்குக்கு கிலோமீட்டருக்கு 3 ரூபா 50 காசு, லாட்ஜ் 1,000 வரைக்கும் பில்லோட.

திங்கக்கிழம வேலூர் பஜார் லைன். 200 போட்டான், 200 பாஸ். இதுல ஒண்ணும் இல்ல.

செவ்வாய்க்கிழம குடியாத்தம் போயிட்டு வந்தான். பேட்டா 275 சரி. வண்டி மீட்டர் படி 92 கிலோமீட்டர், அதுக்கு 322 ரூபா போட்டிருந்தான், மீட்டரோட போட்டோ கூட வெச்சிருந்தான் பாவம். ஆனா சார்ட்ல குடியாத்தம் ஒரு பக்கம் 35, போக வர 70, அதுக்கு 245 தான். மீதி 22 கிலோமீட்டர் ஊருக்குள்ள கடைகடையா சுத்தினது, அது பேட்டாவுலயே அடங்கிடுதுன்றது அந்த பாலிசி. 77 ரூபா வெட்டு. வழில டயர் பஞ்சர், டியூப் ஒட்டினதுக்கு 120 ரூபா தனியா போட்டான், அதுக்கு கைல எழுதின சீட்டும் இருந்துச்சு. அதுவும் வெட்டு, ஏன்னா அந்த 3.50 வெறும் பெட்ரோல் காசு இல்ல, ஆயில், சர்வீஸு, டயர் தேய்மானம், இன்சூரன்ஸ் எல்லாத்துக்கும் சேத்துதான் அந்த ரேட்டு. பெட்ரோல் பில்ல கிளைமோட வெக்க சொல்ற கம்பெனியும் இருக்கு, அது ஆதாரத்துக்கு, அதுக்கு தனியா காசு வராது. நெறைய பேரு ரெண்டையும் போட்டுட்டு வெட்டினதுக்கு சண்டைக்கு வருவாங்க.

புதன்கிழம திருப்பத்தூர், அங்கயே தங்கல். பேட்டா 400, சார்ட் படி ஒரு பக்கம் 90 கிலோமீட்டருக்கு 315. ரெண்டும் சரி. பஸ் ஸ்டாண்டுக்கு கிட்ட ஒரு லாட்ஜ்ல 850க்கு தங்கிட்டு, ஷீட்ல 1,000னு எழுதி, கீழ 850 பில்ல பின் பண்ணியிருந்தான். ஏமாத்தற எண்ணம் இருந்தா பில்ல வெப்பானா, லிமிட்டே நம்ம காசுன்னு நெனச்சிக்கினு எழுதியிருக்கான். 150 வெட்டு. அதுமட்டும் இல்ல, ராத்திரி சாப்ட்ட பில்லு 180, காலைல டிபன் 145, மொத்தம் 325 தனி வரில போட்டான். பேட்டா 400 வாங்கிட்டு அதே சாப்பாட்டுக்கு பில்லும் போட்டா ஒரு சாப்பாட்டுக்கு ரெண்டு தரம் காசு கேக்கற மாதிரி. 325 வெட்டு.

வியாழக்கிழம திருப்பத்தூர்ல கெளம்பி வாணியம்பாடி, ஆம்பூர் கடைங்கள முடிச்சிட்டு ராத்திரி வேலூர் வந்துட்டான். வெளியூர்ல இருந்து வர்றோமேன்னு அவுட்ஸ்டேஷன் 400 போட்டான். ஆனா அன்னிக்கி ராத்திரி அவன் படுத்தது அவன் வீட்ல, அதனால அது எக்ஸ், 275. 125 வெட்டு. வண்டிக்கு 90 கிலோமீட்டர் 315, அது பாஸ்.

கூட்டி பாத்தா அவன் கேட்டது 3,672, கெடச்சது 2,875. 797 ரூபா போச்சு. போன்ல பொலம்பினான், "கைக்காசு போட்டு சுத்தறேன் சார், 800 ரூபா அடிச்சிட்டீங்க"ன்னு. நான் சொன்னேன், இந்த 797ல உன் கைய விட்டு நெசமா போனது பஞ்சர் 120ம், அந்த சுத்தின 22 கிலோமீட்டரு பெட்ரோலும்தான், லாட்ஜ் 150 நீ செலவே பண்ணல, சாப்பாடு 325க்கு 400 ஏற்கனவே வந்துடுச்சு, ரிட்டர்ன் நாளுக்கும் 275 வந்திருக்குன்னு. கொஞ்ச நேரம் பேசல, அப்பால "சரி சார்"னான். அந்த 22 கிலோமீட்டர் விஷயத்துல மட்டும் அவன் பக்கம் நியாயம் இருக்குன்னு இன்னிக்கும் நெனைக்கறேன். குடியாத்தம் மாதிரி ஊர்ல சந்து சந்தா பூந்து 40 கடை ஏறணும்னா வண்டி ஓடத்தான் செய்யும். அதுக்கு வழி தெனம் மீட்டர் சண்ட போடறது இல்ல, மேனேஜர் கிட்ட சொல்லி அந்த டவுனுக்கு சார்ட்ல லோக்கல் கிலோமீட்டர் சேக்க சொல்லி ஒரு தரம் மெயில் போடறது. சார்ட்ட வருஷத்துக்கு ஒரு தரம் திருத்துவாங்க, அப்போ ஏறும்.

இப்போ பில்லு. லாட்ஜ் பில்லுல நான் இன்னா பாப்பேன்னு சொல்றேன், எந்த ஆபீஸ்லயும் ஏறக்குறைய இதுதான். லாட்ஜ் பேரும் விலாசமும் அச்சுல இருக்கணும், பில் நம்பர் இருக்கணும், உங்க பேரு, வந்த தேதி நேரம், போன தேதி நேரம், ரூம் வாடகை, வரி இருந்தா தனியா, மொத்தம், கீழ கையெழுத்தோ சீலோ. இதுல போன நேரத்த நெறைய பேரு காலியா வுட்டுட்டு வருவாங்க. சில லாட்ஜ்ல 24 மணி நேர கணக்கு, சிலதுல மதியம் 12 மணி கணக்கு. 12 மணி லாட்ஜ்ல காலைல 9 மணிக்கு நுழைஞ்சா ரெண்டு நாள் வாடகை போட்டுடுவான், ஒரு ராத்திரி தங்கினதுக்கு ரெண்டு நாள் பில்லு வந்தா ஆபீஸ்ல ஒண்ணுதான் பாஸ் ஆவும். ரூம் எடுக்கறதுக்கு முன்னாடி "செக் அவுட் எப்போண்ணா"ன்னு ஒரு வார்த்த கேட்டுக்குங்க.

ஜிஎஸ்டி நம்பர் இல்லாத பில்லு போலி பில்லுன்னு ஒரு பயம் பசங்களுக்கு இருக்கு. அப்படி இல்ல. வருஷத்துக்கு 20 லட்சம் ரூபாய்க்குள்ள வரவு இருக்கற சின்ன லாட்ஜ் ஜிஎஸ்டில பதிஞ்சே ஆவணும்னு இல்ல, அவன் வரி போட மாட்டான், போடவும் கூடாது. அந்த பில்லு செல்லும். பதிஞ்ச லாட்ஜா இருந்தா 2025 செப்டம்பர் 22லருந்து ஒரு நாளைக்கு 7,500 ரூபா வரைக்கும் இருக்கற ரூமுக்கு 5 பர்சென்ட், அதுக்கு முன்னாடி 12 இருந்துச்சு. இங்க ஒரு சின்ன ஓட்ட இருக்கு பாத்துக்குங்க. ரூம் 980, வரி 49, மொத்தம் 1,029. உங்க லிமிட் 1,000 வரியோட சேத்தா, வரி இல்லாமலான்னு பாலிசில ஒரு வரி இருக்கும். சேத்துன்னா 29 ரூபா உங்க கைய கடிக்கும். பதிஞ்ச லாட்ஜ்ல கம்பெனி பேரும் கம்பெனி ஜிஎஸ்டி நம்பரும் பில்லுல ஏத்த சொல்லி உங்க ஆபீஸ் கேட்டா, ரூம் எடுக்கும்போதே குடுத்துடுங்க, பில்லு அடிச்சப்பறம் மாத்தி குடுன்னா கவுண்டர்ல இருக்கறவரு மூஞ்சிய தூக்கி வெச்சிக்குவாரு.

போலி பில்லு எப்படி தெரியும்னு கேப்பீங்க. தெரியும். ஒரு ஷீட்ல 3ஆம் தேதி லாட்ஜ் பில் நம்பர் 412, அதே லாட்ஜ்ல 24ஆம் தேதி பில் நம்பர் 413. பஸ் ஸ்டாண்டு லாட்ஜ்ல மூணு வாரத்துக்கு ஒரே ஒரு ஆளா தங்கினான்? அது அவன் கைல இருக்கற வெத்து பில் புக்கு. நாலு ஊரு பில்லுல ஒரே பேனா, ஒரே கையெழுத்து, "ரூபாய்"ல அந்த "ரூ" ஒரே மாதிரி வளையும். இன்னொண்ணு, பில்லு திருப்பத்தூர்ல புதன்கிழம ராத்திரி, ஆனா வியாழக்கிழம காலைல ஆப்ல மொத பஞ்ச் 7.10க்கு சத்துவாச்சாரி. ஜோலார்பேட்டைல ரயில் ஏறி காட்பாடி வந்து வீட்ல தூங்கியிருக்கான். இந்த மாதிரி விஷயத்துல வெட்டறதோட முடியாது, பொய் கிளைம்னு விளக்கம் கேட்டு லெட்டர் வரும், வேலையும் போவும். 850 ரூபாய்க்காக வேலைய வுட்ட பசங்கள நான் ரெண்டு பேர பாத்துட்டேன். மேனேஜரோட ஒரே ரூம்ல தங்கினா ஒருத்தர்தான் கிளைம் பண்ணணும், ரெண்டு ஷீட்லயும் அதே பில் நம்பர் வந்தா அதுவும் இதே கேஸ்தான், தெரியாம பண்ணியிருந்தாலும் பதில் சொல்லணும்.

பஸ்ஸுல போற நாளுக்கு கண்டக்டர் மெஷின்ல அடிச்சி குடுக்கற டிக்கெட்டு, பெட்ரோல் பங்க் பில்லு, கார்டு மெஷின் சீட்டு இதெல்லாம் பெரும்பாலும் தெர்மல் பேப்பர். மையில அடிக்கறது இல்ல, சூட்டுல கறுக்கற பூச்சு. நம்ம வேலூர் வெயில்ல பைக் டேங்க் கவர்ல வெச்சா மொத்தமா கறுத்துடும், பிளாஸ்டிக் கவர்லயோ ரெக்சின் பர்ஸ்லயோ வெச்சா எழுத்து மங்கி போயிடும். மாசக் கடைசில எடுத்து பாத்தா வெள்ள பேப்பரு. அதனால வாங்கின அன்னிக்கே போட்டோ. நாலு மூலையும் தெரியணும், கட்ட வெரல் தொகைய மறைக்க கூடாது, டேபிள் மேல வெச்சி நேரா எடுங்க, வண்டி சீட்டு மேல வெச்சி சாய்ச்சி எடுக்காதீங்க. அப்பறம் ஒரிஜினல தூக்கி போட்றாதீங்க, கம்பெனி பேப்பர் கேக்குதா போட்டோவே போதுமான்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

போன்ல பணம் அனுப்பின ஸ்க்ரீன்ஷாட் பில்லு ஆவாது. யாருக்கோ 850 போச்சுன்னு அது சொல்லும், எதுக்கு போச்சு, எத்தினி ராத்திரி, யாரு தங்கினதுன்னு சொல்லாது. பில்லோட சேத்து வெச்சா பில்லுக்கு பலம், தனியா வெச்சா திரும்பி வரும். ஆனா பில்லு தொலஞ்சி போயிடுச்சின்னா இதுதான் ஒரே துணை, லாட்ஜுக்கு போன் போட்டு டூப்ளிகேட் கேக்கறதுக்கும் அந்த தேதி நேரம் ஒதவும்.

பில்லே குடுக்காத எடம் இருக்கு, அது ஆபீஸுக்கும் தெரியும். ஷேர் ஆட்டோ, சேம்பிள் பெட்டி எறக்கின கூலி, ஜெராக்ஸ், ஸ்டாண்டு காசு. இதுக்கு வவுச்சர்னு ஒரு சீட்டு இருக்கும், இல்லன்னா வெள்ள பேப்பர்ல நீங்களே எழுதி கையெழுத்து போடலாம். அதுல "ஆட்டோ 60"னு எழுதினா நான் திருப்பி அனுப்புவேன். "12ஆம் தேதி, ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுலருந்து ஸ்டாக்கிஸ்ட் குடோனுக்கு, டிஸ்ப்ளே ஸ்டாண்டு ரெண்டு பெட்டி கைல இருந்ததால ஆட்டோ, 60"னு எழுதினா பாஸ். தேதி, எங்கருந்து எங்க, ஏன், எத்தினி, இந்த நாலும்தான். இப்படி பில் இல்லாம போடறதுக்கு மாசத்துக்கு ஒரு லிமிட் வெச்சிருப்பாங்க, அதுக்குள்ள இருந்தாலும் மாசாமாசம் கரெக்டா லிமிட்ட தொட்டா மாதிரி ரவுண்டா வந்தா சந்தேகம் வரும். கடக்காரருக்கு டீ வாங்கி குடுத்தது, ஸ்டாக்கிஸ்ட் பையனுக்கு சாப்பாடு போட்டது இதெல்லாம் வவுச்சர்ல வராது, அது வேற கணக்கு, முன்கூட்டியே பெர்மிஷன் இருந்தா மட்டும்.

டோல் பத்தி ஒரு வரி. பைக்குக்கு நேஷனல் ஹைவேஸ்ல டோல் கெடையாது, பள்ளிகொண்டாலயும் சரி வாணியம்பாடிலயும் சரி, ஓரமா இருக்கற வழில போயிடுவீங்க. கார்ல போனா யாரோட வண்டியோ அவருதான் போடணும், பாஸ்டேக் ஸ்டேட்மென்ட்டோட.

இதுவரைக்கும் சொன்னதுல லாட்ஜ் ஆக்சுவல், லிமிட் சேத்து வெக்க முடியாது, ஒரு செலவுக்கு ரெண்டு கிளைம் கெடையாது, இந்த மூணும் பெரும்பாலான எடத்துல மாறாது. மத்ததுல கம்பெனிக்கு கம்பெனி வித்தியாசம் இருக்கு. ரிட்டர்ன் நாளுக்கு எக்ஸ் குடுக்கறவங்கதான் ஜாஸ்தி, ஆனா ராத்திரி குறிப்பிட்ட நேரத்துக்கு மேல வீட்டுக்கு வந்தா அவுட்ஸ்டேஷனே குடுக்கற எடமும் இருக்கு. திருப்பத்தூர்ல அத்தை வீட்ல தங்கினா பில்லு வராது, சில கம்பெனி அதுக்கு ஒண்ணும் குடுக்காது, சிலது சொந்த ஏற்பாடுன்னு ஒரு சின்ன தொகை பிளாட்டா குடுக்கும், பேட்டா மட்டும் ரெண்டுலயும் வரும். நடுவுல ஞாயித்துக்கிழம வந்தா அந்த பேட்டா உண்டா இல்லயான்றதும் அப்படித்தான். சாப்பாட்டையே ஆக்சுவலா வெச்சிருக்கற கம்பெனியும் இருக்கு, அங்க நான் மொதல்ல சொன்னது தலகீழா ஆயிடும், ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பில்லு வேணும், மிச்சமும் உங்களுது இல்ல. உங்க ஷீட்ல பேட்டா தலைப்புக்கு பக்கத்துல "ஃபிக்ஸட்"னு இருக்கா "அப் டு"ன்னு இருக்கான்னு பாருங்க, அந்த ஒரு வார்த்தைலதான் எல்லாம் இருக்கு. வருமான வரிக்காரங்க கணக்குல டூர் பேட்டாவுக்கு வரி விலக்கு, ஆனா வேலைக்காக நெசமா செலவான அளவுக்குத்தான், அதனால பேட்டாவ இன்னொரு சம்பளமா நெனச்சி இஎம்ஐ போட்றாதீங்க.

வாய்ல சொன்னத நம்பாதீங்க, இது என் கைய சுட்டது. நான் சேந்த புதுசுல, கம்பெனி பேரு வேணாம், ஒரு மார்ச் மாசக் கடைசில திருவண்ணாமலைல ரெண்டாவது நாளும் தங்க வேண்டி வந்துச்சு, பௌர்ணமி கூட்டம், 400 ரூபா லிமிட்டுக்கு ரூமே இல்ல, 900க்குத்தான் கெடச்சுது. மேனேஜருக்கு எஸ்டிடி பூத்லருந்து போன் போட்டேன், "போட்டுக்கோப்பா, நான் பாத்துக்கறேன்"னாரு. நானும் போட்டேன். ஏப்ரல்ல அவரு வேற ரீஜனுக்கு மாறிட்டாரு, புதுசா வந்தவரு ஃபைல்ல ஒண்ணும் இல்லயேன்னு 500 ரூபாய வெட்டிட்டாரு. அப்போ அது எனக்கு மூணு நாள் சம்பளம். இப்போ உங்க கைல போன் இருக்கு, ரூம் எடுக்கறதுக்கு முன்னாடியே "இங்க லிமிட்டுக்குள்ள ரூம் இல்ல, ரெண்டு லாட்ஜ் கேட்டேன், 1,400 ஆவுது, ஓகேவா"ன்னு ரெண்டு வரி மெசேஜ், அவரு ஓகேன்னு போட்டதும் ஸ்க்ரீன்ஷாட், கிளைம்ல பில்லுக்கு பின்னாடி வெச்சிடுங்க. லிமிட்டுக்கு மேல போனத பாஸ் பண்றதுக்கு அப்ரூவல் தேதி பில்லு தேதிக்கு முன்னாடி இருக்கணும், அதத்தான் நாங்க மொதல்ல பாப்போம்.

போன மாசம் வெட்டினதுக்கு வர்றேன். ஷீட்ட பாஸ் பண்ணும்போது எந்த வரில எவ்வளவு வெட்டினாங்கன்னு காரணத்தோட ஒரு குறிப்பு இருக்கும், சிஸ்டம்ல இல்லன்னா அக்கவுண்ட்ஸ்ல மெயில் போட்டு கேளுங்க, குடுப்பாங்க. அத நான் சொன்ன அந்த நாலு நாள் கணக்கு மாதிரி வரி வரியா வெச்சி பாருங்க. பில்லு இல்லாம, போட்டோ தெளிவா இல்லாம, தேதி மாறிப் போயி வெட்டினது இருந்தா அது திரும்ப வாங்கக் கூடிய காசு, டூப்ளிகேட் பில்லோட அடுத்த ஷீட்ல "ரீகிளைம்"னு போட்டு மேனேஜர் கையெழுத்தோட அனுப்பலாம். லிமிட் தாண்டினது, ரெண்டு தரம் போட்டது, சார்ட்ட மீறினது இதெல்லாம் கேக்காதீங்க, வராது. ஆனா ரீகிளைமுக்கு கெடு இருக்கும், 30 நாளோ 60 நாளோ, அத இன்னிக்கே பாலிசில தேடி பாருங்க. உங்களுக்கு ரெண்டு மாசம்தான் ஆவுதுன்றதால மொத மாச கிளைமுக்கு கெடு ஓடிக்கினு இருக்கலாம்.